0:23-இல் ஒரு கட் இருக்கிறது

ஒரு படத்தில் எத்தனை கட் வருகிறது என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடலாம் என்றுதான் யாரும் நினைப்போம். டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அது அவ்வளவு சுலபமில்லை என்று காட்டியது. திரைப்படத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, கட் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கதையைப் பின்தொடரத் தேவையில்லை, கட்டைப் பிடித்தால் போதும். ஒரு காட்சி முடிந்து இன்னொரு காட்சி தொடங்கும் இடங்களைப் பார்வையாளர்கள் பெரும்பாலும் பிடித்துவிட்டார்கள். ஒரே காட்சிக்குள், ஒருவர் எழுந்திருக்கும்போதோ கையை நீட்டும்போதோ அந்த அசைவின் நடுவில் விழுந்த கட்களில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டார்கள். தேடிக்கொண்டிருந்தவர்களின் கண்ணுக்கே அவை படவில்லை.

முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம் எடிட்டருக்கு இது பெரிய சிக்கல். அவருடைய வேலையில் மிக நல்ல பகுதி எதுவோ, அதுதான் பார்ப்பவர் கண்ணிலிருந்து நழுவிப்போகும் பகுதி. ஒளிப்பதிவாளரின் ஷோரீலில் வெளிச்சம் தெரியும், அனிமேஷன் செய்பவரின் ஷோரீலில் அசைவு தெரியும். எடிட்டரின் ஷோரீலில், வேலை ஒழுங்காக நடந்திருந்தால், யாரோ எடுத்த நல்ல காட்சிகள்தான் தெரியும். இதற்குப் பயந்துதான் புதியவர்கள் பாட்டின் தாளத்துக்கு வேகவேகமாக ஷாட்டுகளை வெட்டி, சுழல்வதும் மின்னுவதுமான டிரான்சிஷன்களைப் போட்டு நிரப்புகிறார்கள். அவை கண்ணில் படுகின்றன என்பது உண்மை. ஆனால் ஆவணப்படமோ குறும்படமோ வெட்டும் ஸ்டுடியோவுக்கு அன்றாடம் தேவைப்படும் திறமை அதுவல்ல. ஷோரீலுடன் போகும் கடிதத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. மறைந்திருக்கும் கட்டை அது பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கடிதத்தைக் கற்பனை செய்துகொள்வோம். விஸ்காம் முடித்த ஒரு பெண், சென்னை சாலிகிராமத்தில் உள்ள ஒரு சிறிய எடிட்டிங் ஸ்டுடியோவுக்கு உதவி எடிட்டர் வேலை கேட்டு எழுதுகிறார். அவரிடம் இருப்பது 70 நொடி ஷோரீல். அதில் பெரும்பகுதி, சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பற்றி அவரும் நண்பர்களும் எடுத்த நான்கு நிமிட ஆவணப்படத்திலிருந்து வந்தது. கடிதத்தின் நடுப்பகுதி இப்படிப் போகிறது:

"0:23-இல் மெக்கானிக்கின் கை தண்ணீர்த் தொட்டிக்குள் போகும் இடத்தில் ஒரு கட் இருக்கிறது. அதற்கு முந்தைய ஷாட் ஒரு நாள் மாலையில் எடுத்தது, பிந்தையது வேறொரு நாள் காலையில் எடுத்தது. முதல் ஷாட்டில் அவர் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார், இரண்டாவதில் இல்லை. 0:41-இல் வாடிக்கையாளரின் குரலை அவர் முகத்துக்கு 10 ஃபிரேம் முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். 0:52-லிருந்து ஆறு நொடி நான் வெட்டவே இல்லை."

ஐந்தே வாக்கியம். படிப்பவர் ஷோரீலை ஏற்கெனவே ஒருமுறை ஓட்டியிருந்தால் இதைப் படித்ததும் மறுபடி 0:23-க்குப் போவார். கைக்கடிகாரம் அவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஏன் படவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கண் ஒரு படத்தை முழுவதுமாக ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதிக்குத்தான் கூர்மை உண்டு. அந்தப் பகுதியை ஒவ்வோர் இடமாகத் திருப்ப, கண் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தாவுகிறது. தாவும் அந்தச் சில பத்து மில்லி செகண்டுகளில் மூளை பார்வையை மட்டுப்படுத்திவிடுகிறது, இல்லாவிட்டால் உலகம் ஓயாமல் மங்கி இழுபட்டுத் தெரியும். கண் எங்கே தாவும் என்பதைப் பெரும்பாலும் அசைவு தீர்மானிக்கிறது. அகலமான ஷாட்டில் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் டயர்கள், தொங்கும் செயின்கள், தெருவில் போகிறவர்கள். கண் எங்கு வேண்டுமானாலும் மேய்ந்துகொண்டிருக்கலாம். அவர் கையில் டியூபுடன் தொட்டியை நோக்கிக் குனிந்ததும், எல்லோர் கண்ணும் அந்தக் கைக்கு ஓடுகிறது. அதே நேரத்தில் கட் விழுந்தால், திரை முழுவதும் மாறியதைவிடக் கை எங்கே போகிறது என்பதே மூளைக்கு முக்கியமாகப் படுகிறது. நெருக்கமான ஷாட்டில் அதே கை அதே திசையில் இறங்கித் தண்ணீரைத் தொடும்போது, மூளை எதிர்பார்த்தது கிடைத்துவிடுகிறது. ஸ்மித் தரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: கட் தெரியாமல் போவதற்குக் காரணம், கட் விழும் நேரத்தில் நம் கவனம் வேறொன்றைத் துரத்திக்கொண்டிருப்பது.

கைக்கடிகாரம் காணாமல் போனதற்கும் இதே விளக்கம் கைகொடுக்கிறது. 1997-இல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டு பெண்கள் மேசையில் உட்கார்ந்து பேசும் ஒரு சிறு படத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் வேண்டுமென்றே எதையாவது மாற்றினார்கள். ஒருத்தியின் கழுத்துத் துணி ஒரு ஷாட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. சிவப்புத் தட்டு வெள்ளைத் தட்டாகும். இப்படி ஒன்பது மாற்றங்கள். முன்னெச்சரிக்கை இல்லாமல் பார்த்த பத்துப் பேரில் ஒருவர்தான் ஏதோ மாறியதாகச் சொன்னார். இன்னொரு படத்தில், மேசையிலிருந்து ஒருவர் எழுகிறார், கட், அடுத்த ஷாட்டில் வேறொரு நடிகர் தொலைபேசியை எடுக்கிறார். ஆளே மாறியதைப் பார்வையாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கவனிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழும் அந்த அசைவு இரண்டு மனிதர்களை ஒருவராக்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, அசைவில் வெட்டினால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த ஃபிரேமில் வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பெண்ணின் படம் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி செகண்டு. மெக்கானிக்கின் கை அசையத் தொடங்கித் தண்ணீரைத் தொடுவதற்கு 16 ஃபிரேம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கை தொட்டியை அடைந்த பிறகு வெட்டினால், அசைவு முடிந்து கண் ஓய்ந்திருக்கும். அப்போது திரை மாறுவது முகத்தில் அடித்தாற்போல் தெரியும், வெளிச்சம் மாறியதும் தெரியும். கை அசையும் முன்பே வெட்டினால், கண்ணுக்கு அந்த இடத்துக்கு வரக் காரணமே கிடைத்திருக்காது. அசைவு தொடங்கி நாலைந்து ஃபிரேம் ஓடிய பிறகு வெட்டினால், கண் கிளம்பிவிட்ட நேரமாக அது இருக்கும். எடிட்டர்கள் இன்னொன்றும் செய்வார்கள். அடுத்த ஷாட்டைக் கை நின்ற அதே இடத்திலிருந்து தொடங்காமல், இரண்டு மூன்று ஃபிரேம் பின்னால் இழுத்துத் தொடங்குவார்கள். அசைவின் ஒரு சிறு துண்டு இரண்டு முறை வருகிறது. கணக்குப்படி அது தவறு, ஆனால் கண்ணுக்கு அப்படித்தான் தொடர்ச்சியாகத் தெரிகிறது. புதிய படத்தைப் பிடித்துக்கொள்ளக் கண்ணுக்குச் சிறிது நேரம் தேவைப்படுகிறது, அந்த நேரத்தில் நழுவிய அசைவை இந்தத் துண்டு ஈடுகட்டிவிடுகிறது.

கடிதத்தில் சொன்ன இரண்டாவது இடம் ஒலி சம்பந்தப்பட்டது. வாடிக்கையாளர் "அண்ணே, ரெடியா?" என்கிறார். அவர் முகம் வந்த பிறகு குரல் வந்தால், காரணமில்லாமல் ஒரு புது ஆள் திரையில் வந்து நிற்பதுபோல இருக்கும். குரல் 10 ஃபிரேம் முன்னால், அதாவது 400 மில்லி செகண்டு முன்னால், மெக்கானிக்கின் முகத்தின் மேலேயே கேட்கிறது. மெக்கானிக் நிமிர்கிறார். யார் கூப்பிட்டது என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எழுந்த பிறகு கட் விழுகிறது. ஒன்றைக் கண்டு கண் தாவ முடிவெடுத்துக் கிளம்புவதற்கு ஏறக்குறைய 200 மில்லி செகண்டு பிடிக்கும் என்பதால், 10 ஃபிரேமில் இதற்கெல்லாம் போதிய இடம் இருக்கிறது. இரண்டு ஃபிரேம் மட்டும் முன்னால் போட்டிருந்தால் அது உத்தியாகத் தெரியாது, ஒலியும் படமும் பொருந்தவில்லை என்ற பிழையாகத்தான் தோன்றும். தொழிலில் ஜே-கட் என்று சொல்லும் இந்த உத்தி சாதாரணமானதுதான். ஆனால் எத்தனை ஃபிரேம் என்று எழுதியதில் ஒரு செய்தி இருக்கிறது: இவர் அந்த இடத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கிறார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வரி. "நான் வெட்டவே இல்லை." மெக்கானிக் தன் அப்பா கடை வைத்த கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்க்கிறார். பேச்சு முடிந்ததும் வெட்டிவிடுவதுதான் கை தானாகச் செய்யும் வேலை. இவர் ஆறு நொடி விட்டுவைத்து, மெக்கானிக் கண் சிமிட்டி நிமிரும் இடத்தில் வெட்டியிருக்கிறார்.

கண் சிமிட்டலுக்கும் கட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதியவர் வால்டர் மர்ச், ஹாலிவுட்டின் புகழ்பெற்ற எடிட்டர். 1974-இல் வெளிவந்த 'தி கான்வர்சேஷன்' படத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, தான் ஷாட்டை முடிக்கத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே நடிகர் ஜீன் ஹாக்மன் கண் சிமிட்டுவதை அவர் திரும்பத் திரும்பக் கவனித்தார். கண் உலர்வதால் மட்டும் நாம் சிமிட்டுவதில்லை, ஒரு எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலும் சிமிட்டுகிறோம் என்பது அவர் கருத்து. கட்டும் அதே இடத்தில்தான் விழ வேண்டும் என்றார். இது ஒரு கைதேர்ந்தவரின் அனுபவம்தான், சோதனை முடிவல்ல. ஆனால் 2009-இல் ஜப்பானில் தமாமி நகானோவும் குழுவினரும் செய்த ஆய்வு இதற்கு அருகில் வந்தது. 'மிஸ்டர் பீன்' தொடரின் காட்சிகளைப் பலருக்குக் காட்டி, அவர்கள் எப்போது சிமிட்டுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். தற்செயலில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக, பலரும் ஒரே நேரத்தில் சிமிட்டினார்கள். ஒரு செயல் முடியும் இடத்திலும், முக்கியமான ஆள் திரையில் இல்லாத இடத்திலும் அது நடந்தது. கதையில்லாத காட்சிகளைக் காட்டியபோதும், கதையை ஒலியாக மட்டும் கேட்கவிட்டபோதும் இந்த ஒற்றுமை வரவில்லை. படத்தோடு கதையைத் தொடர்கிறவர்கள், எதையும் இழக்காமல் கண்ணை மூடக்கூடிய இடத்தைத் தம்மை அறியாமலே தேர்ந்தெடுக்கிறார்கள். மெக்கானிக்கின் அமைதியில் வெட்டாமல் காத்திருந்தவர் அந்த இடத்தைத்தான் தேடியிருக்கிறார். சிமிட்டல் தெரிந்தால் வெட்டலாம் என்று இதை விதியாக்கினால் கெட்டுவிடும். பதற்றத்தில் படபடவென்று சிமிட்டும் ஆளிடம் அந்த விதி செல்லாது.

இப்போது எதிர்ப்பக்கம். ஷோரீலின் தொடக்கப் பத்து நொடியில், பாட்டோடு ஓடும் ஒரு வேகத் தொகுப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷாட்டும் 12 ஃபிரேம், அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. முதல் ஷாட்டில் சக்கரம் திரையின் இடது ஓரத்தில் சுழல்கிறது. அடுத்ததில் ஒரு முகம் வலது ஓரத்தில் சிரிக்கிறது. கட் விழுந்ததும் கண் இடது ஓரத்தில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். முகத்தைக் கண்டுபிடித்து அங்கே போகக் குறைந்தது ஐந்து ஃபிரேம் போய்விடும். மீதி ஏழு ஃபிரேமில் அந்தச் சிரிப்பு முடிந்து அடுத்த ஷாட் வந்துவிடும். பாட்டின் தாளம் சரியாக விழுந்தாலும், பார்த்தவருக்கு ஏதோ வேகமாக ஓடியது என்பதைத் தவிர எதுவும் நிற்காது. வெட்டியவருக்கு மட்டும் இது தெரியாது, ஏனென்றால் அடுத்து முகம் வலது பக்கம் வரும் என்று அவர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஷாட்டின் கடைசி ஃபிரேமில் நிறுத்தி, அப்போது கண் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் திரைமேல் விரலை வைக்க வேண்டும். ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்த வேண்டும். விரலுக்கு அடியிலோ பக்கத்திலோ பார்க்க வேண்டியது இருந்தால் கட் கண்ணை அலைக்கழிக்காது. விரல் ஓர் ஓரத்திலும் முகம் மறு ஓரத்திலும் இருந்தால், அந்த ஷாட்டை நீட்ட வேண்டும், அல்லது வரிசையை மாற்ற வேண்டும். யூடியூபில் ஏற்றிய ஷோரீலையும் கணினியில் நிறுத்திவைத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளால் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னும் முன்னும் நகர்த்திப் பார்க்கலாம். ஸ்டுடியோவில் இருப்பவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதால், அதற்கு முன்பே நாம் பார்த்துவிடுவது நல்லது.

திரையின் அளவும் இதில் சேரும். கைப்பேசியில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடைவெளி குறைவு, கண் அதிகம் அலைய வேண்டியதில்லை. அதே ஷோரீலை ஸ்டுடியோவின் பெரிய மானிட்டரில் போட்டால், கைப்பேசியில் தெரியாத அலைச்சல் அங்கே தெரியும். மர்ச் தன் எடிட்டிங் திரையின் இரு பக்கத்திலும் காகிதத்தில் வெட்டிய குட்டி மனித உருவங்களை ஒட்டிவைத்திருப்பார். தியேட்டர் திரைக்கு முன்னால் மனிதர் எவ்வளவு சிறியவர் என்பதை மறக்காமலிருக்க அவர் கண்ட வழி அது. வீட்டு லேப்டாப்பில் வெட்டுகிறவர்கள் அனுப்புவதற்கு முன் ஒரு பெரிய டிவியிலாவது ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.

ஒரு ஷோரீலால் எந்த வகையிலும் காட்ட முடியாதது, கையில் எவ்வளவு வந்தது, எதைத் தள்ளினோம் என்பது. பிரமாதமான ஷாட்டுகள் வந்திருந்தால் யார் வெட்டினாலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். ஆகவே நம் பெண்ணின் கடிதத்தில் அடுத்த பத்தி இப்படி இருக்கிறது: "இரண்டு கைப்பேசிகளில் எடுத்த 63 நிமிட ஃபுட்டேஜிலிருந்து நான்கு நிமிடப் படம் வந்தது. ஒரு கைப்பேசியின் ஒலி பயன்படவில்லை, பேட்டியின் ஒலி முழுவதும் தனி ரெக்கார்டரிலிருந்து எடுத்து நான் பொருத்தியது. கலர் கரெக்‌ஷன் நண்பர் செய்தது." கடைசி வாக்கியத்தை எழுதப் பலரும் தயங்குவார்கள். மாலை மஞ்சளையும் காலை வெளிச்சத்தையும் அருகருகே கொண்டுவந்ததில் நண்பருக்குப் பங்கு உண்டு, அதை மறைத்தால் 0:23-இன் பெருமை முழுவதும் பொய்யாகிவிடும். உதவி எடிட்டரின் முதல் ஆண்டு வேலை பெரும்பாலும் கட் போடுவதே அல்ல. வந்த ஃபுட்டேஜை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைப்பது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பெயரிடுவது, ஒலியையும் படத்தையும் பொருத்துவது, எடிட்டர் கேட்டதை அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பது. ஒலியைத் தானே பொருத்தியதாக ஒருவர் எழுதினால், அந்த வேலை அவருக்குப் புதிதல்ல என்று தெரிகிறது.

அந்தப் பொருத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கைப்பேசிகள் பல நேரம் சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப வேகம் கூடிக் குறையும். அப்படியே டைம்லைனில் போட்டால், தொடக்கத்தில் பொருந்திய உதடும் குரலும் போகப்போக விலகும். முதலிலேயே சீரான வேகத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இது வராது. எவ்வளவு விலகினால் கண்டுபிடிக்கிறோம் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒரு அளவு சொல்கிறது: ஒலி 45 மில்லி செகண்டு முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 மில்லி செகண்டு வரை தெரியாது. இயற்கையில் வெளிச்சம்தான் முதலில் வரும், சத்தம் பின்னால் வரும், ஆகவே பிந்தும் ஒலியை நாம் பொறுத்துக்கொள்கிறோம். நம் ஷோரீலின் கணக்கில், ஒலி இரண்டு ஃபிரேம் முந்தினால் பிழை, மூன்று ஃபிரேம் பிந்தினால் பிழைத்தோம்.

புளூடூத் இயர்போனில் இதைச் சோதிக்கக் கூடாது. அதில் ஒலி வந்து சேரவே நூறு, இருநூறு மில்லி செகண்டு ஆகலாம். படம் பார்க்கும் செயலிகள் அந்தத் தாமதத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் பல நேரம் ஈடுகட்டாது. ஒலி பிந்துகிறதே என்று அதைக் கேட்டு முன்னால் நகர்த்தினால், ஸ்டுடியோவின் ஸ்பீக்கரில் மெக்கானிக்கின் வாய் திறக்கும் முன்பே குரல் வந்துவிடும். வயர் வைத்த ஹெட்போனில் கேட்டு, லிங்க்கைத் தன் கணக்கில் இல்லாத வேறொருவர் போனில் திறந்து பார்த்து, 0:23, 0:41, 0:52 ஆகிய மூன்று எண்களும் ஏற்றிய பிறகும் அதே இடத்தில் நிற்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கடிதம் கிளம்ப வேண்டும். முன்னால் இரண்டு நொடி கறுப்புத் திரை கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், மூன்று எண்களும் வேறு இடத்தைக் காட்டும்.